போட்டோவுக்கும் ஒரு வில்லங்க சர்டிபிகேட்

போன வருஷம் ஆவணி மாசம் பெருந்துறை பக்கம் ஒரு கல்யாணம் பண்ணிக் குடுத்தேன் (போட்டோகிராஃபர் நாங்க அப்படித்தான் சொல்லுவோம், பொண்ணப் பெத்தவர் மாதிரி). மண்டபத்துக்குப் பின்னாடி தென்னந்தோப்பு, சாயங்கால வெயில் சாஞ்சு வருது, பொண்ணையும் மாப்பிள்ளையையும் நிக்க வெச்சு ஒரு படம் எடுத்தேன், எனக்கே புடிச்சுப் போச்சு. ஒரே ஒரு குறை. பொண்ணு தலைக்கு மேல குறுக்கால ஒரு கரண்ட் ஒயர் போகுது. வீட்டுக்கு வந்து எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஒயரைச் சுத்தி ஒரு கோடு போட்டு, புதுசா வந்திருக்கற ஏஐ ஃபில்லை அழுத்தினேன், அஞ்சு செகண்டுல ஒயர் காணோம், அதோட இடத்துல வானமும் ரெண்டு ஓலையும். அப்படியே ஜேபெக் எடுத்து அவங்களுக்கு அனுப்பிட்டேன்.

அவங்க அதை ஒரு தளத்துல போட்டாங்க. மறுநாள் காலைல பொண்ணோட தம்பி போன். "அண்ணா, படத்துக்குக் கீழ ஏஐனு வருதுங்ணா, பெரியப்பா பாத்துட்டு மூஞ்சியவே மாத்திட்டாங்களானு கேக்கறாருங்ணா." நான் என்ன சொல்றது? மூஞ்சில ஒரு பிக்சல் கூட தொடல தம்பி, ஒயரைத்தான் எடுத்தேன்னேன். "அப்ப ஏன் ஏஐனு போட்டிருக்கு?" அந்தக் கேள்விக்கு அன்னைக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மாசம் வேலை இல்லாத நேரமெல்லாம் இதையே நோண்டிட்டு இருந்தேன், அந்த நோண்டல்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல, இது எனக்கு மட்டும் வந்த தொல்லை இல்லனு தெரிஞ்சப்ப ஒரு அல்ப சந்தோஷம். 2024 மே 26, நம்ம சேப்பாக்கத்துல ஐபிஎல் ஃபைனல், கொல்கத்தா ஜெயிச்சாங்க இல்லையா, அந்த வெற்றிப் படம் ஒண்ணுக்கே இன்ஸ்டாகிராம் "Made with AI"னு லேபிள் ஒட்டிச்சு. ஸ்டேடியம் நெறைய ஆளு உக்காந்து பாத்த சங்கதிக்கு இந்த கதி. அமெரிக்காவுல பீட் சூஸானு ஒருத்தர், ரீகன் காலத்துலயும் ஒபாமா காலத்துலயும் வெள்ளை மாளிகை போட்டோகிராஃபரா இருந்தவர், 40 வருஷம் முந்தி ஃபிலிம்ல எடுத்த பாஸ்கெட்பால் படத்தைப் போட்டார், அதுக்கும் அதே லேபிள். போஸ்ட் பண்றப்ப அந்த லேபிளுக்கான டிக்கை எடுக்கப் பாத்திருக்கார், முடியல. கிராப் பண்ற டூல் வேலை செய்யற விதத்தை மாத்தினதால வந்த வினையா இருக்கும்னு அவருக்கு ஒரு சந்தேகம். போட்டோகிராஃபருங்க போட்ட சத்தத்துல 2024 ஜூலைல மெட்டா அந்த வார்த்தையை "AI info"னு மாத்துச்சு, செப்டம்பர்ல, வெறும் எடிட் பண்ண படங்களுக்கு அதை மேல இருந்து எடுத்து மெனுவுக்குள்ள தள்ளிருச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த லேபிளைப் போட்டது படத்தைப் பாத்து முடிவு பண்ற ஏதோ ஒரு புத்திசாலி மெஷின் இல்ல. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். ஃபைலுக்குள்ள எழுதி வெச்சிருக்கற ஒரு வரியைப் படிச்சுட்டு ஒட்டினது அது. பத்திரிகைக்காரங்க ரொம்ப வருஷமா போட்டோவுக்குள்ள கேப்ஷன், எடுத்தவர் பேரு எல்லாம் எழுதறதுக்கு ஐபிடிசினு ஒரு முறை வெச்சிருக்காங்க. அதுல படம் எப்படிப் பொறந்ததுனு சொல்றதுக்கு ஒரு கட்டம் இருக்கு. முழுசா ஏஐ செஞ்சதுன்னா ஒரு சொல், நெஜப் படத்துல ஏஐ துண்டு சேந்திருக்குன்னா வேற சொல். உங்க ஃபைல்ல இருக்கானு பாக்கணும்னா, ஃபைலுக்குள்ள எழுதினதைப் படிக்கற எக்ஸிஃப்டூல்ங்கற புரோகிராம்ல இப்படிக் கேக்கலாம்:

```
exiftool -XMP-iptcExt:DigitalSourceType kalyanam.jpg
```

பதில்ல கடைசி சொல் `trainedAlgorithmicMedia`ன்னா முழுக்க ஏஐ. `compositeWithTrainedAlgorithmicMedia`ன்னா கலப்பு. என் தென்னந்தோப்பு ரெண்டாவது வகை. ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஆனா அந்தத் தளத்துல ரெண்டுக்கும் ஒரே ரெண்டெழுத்து லேபிள். ஃபைல் சரியாத்தான் சொல்லுது, அதைப் படிச்சு ஒட்டினவங்கதான் சுருக்கிட்டாங்க.

இன்னொரு கூத்து. அதே ஒயரை பழைய ஹீலிங் பிரஷ்ல, குளோன் ஸ்டாம்ப்ல அழிச்சுப் பாத்தேன். அரை மணி நேரம் ஆச்சு. வந்த படம் ஏறக்குறைய அதேதான். அந்த வரி மட்டும் இல்ல, அதனால லேபிளும் இல்ல. பாக்கறவருக்கு ரெண்டு படமும் ஒண்ணுதான், ரெண்டுலயும் ஒயர் இல்லாத வானம்ங்கறது பொய்தான், ஒண்ணு சோம்பேறி பொய், ஒண்ணு உழைச்ச பொய், அவ்வளவுதான். அந்த 2024 சமயத்துலயே ஒரு போட்டோகிராஃபி சைட்ல சோதிச்சுக் காட்டியிருந்தாங்க, ஏஐ ஃபில் பண்ண படத்தை காப்பி பண்ணி ஒரு புது டாக்குமெண்ட்ல பேஸ்ட் பண்ணி சேவ் பண்ணா லேபிள் போயிரும்னு. ஏமாத்தணும்னு நெனக்கறவனுக்கு அது பத்து செகண்ட் வேலை. மாட்டிக்கறது என்ன மாதிரி அப்பாவிதான்.

சரி, வெறும் வரின்னா யாரு வேணா எழுதலாம், யாரு வேணா அழிக்கலாம். அதனால வந்ததுதான் சி2பிஏ. 2021 பிப்ரவரில அடோபி, ஆர்ம், பிபிசி, இன்டெல், மைக்ரோசாஃப்ட், ட்ரூபிக் சேந்து ஆரம்பிச்சாங்க, அப்புறம் கூகுள் வந்துச்சு, ஓபன்ஏஐ வந்துச்சு. இதை எங்க அப்பாவுக்கு எப்படிப் புரிய வெச்சேன்னா, போட்டோவுக்குப் போடற வில்லங்க சர்டிபிகேட்னேன். அவர் ரெண்டு தடவை நிலம் வாங்கி வித்தவர், டக்குனு புடிச்சுக்கிட்டார்.

நிலம் வாங்கறதுக்கு முன்னாடி ஈசி போட்டுப் பாக்கறோம் இல்லையா, எந்த வருஷம் யாருகிட்ட இருந்து யாருக்குக் கைமாறிச்சு, அடமானம் இருக்கா, அதுக்கு முந்தின தாய்ப்பத்திரம் எது. சி2பிஏவும் அதேதான். கேமரா படத்தை எடுத்த உடனே ஒரு பதிவு எழுதுது: இந்த கேமரா, இந்த நேரம், இது நான் எடுத்தது. எடிட்டிங் சாஃப்ட்வேர் அதைத் தொறந்தா, முந்தின பதிவை தாய்ப்பத்திரமா உள்ள வெச்சுக்கிட்டு அதுக்கு மேல தன் பதிவை எழுதுது: தொறந்தேன், கிராப் பண்ணேன், கலர் மாத்தினேன், ஏஐல ஒரு இடம் நெரப்பினேன். ஒவ்வொரு பதிவுக்கும் கீழ எழுதினவரோட டிஜிட்டல் கையெழுத்து.

பதிவுக்கும் படத்துக்கும் முடிச்சு எப்படிப் போடறாங்கங்கறதுதான் எனக்குப் புடிச்ச இடம். ஜேபெக் ஃபைலுக்குள்ள இந்தப் பதிவுக்குன்னு ஒரு தனி அறை. அந்த அறையை மட்டும் விட்டுட்டு ஃபைல்ல மீதி இருக்கற எல்லா பைட்டையும் சேத்து எஸ்ஹெச்ஏ-256னு ஒரு கணக்கு போட்டா 256 பிட்ல ஒரு எண் வரும், கைரேகை மாதிரி. அந்த எண்ணை பதிவுல எழுதி, பதிவு மேல கையெழுத்து. நாளைக்கு யாராவது படத்துல ஒரே ஒரு பைட்டை மாத்தினாலும் கைரேகை மொத்தமா வேற எண்ணாயிரும், அப்ப பதிவுல இருக்கறதும் ஃபைல்ல இருந்து கணக்கு போட்டதும் ஒத்துப் போகாது. பதிவையே மாத்தலாம்னு பாத்தா கையெழுத்து ஒடையும். இதைப் படிக்க `c2patool`னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, கட்டளை ஒண்ணுதான்:

```
c2patool kalyanam.jpg
```

என் படத்துக்கு மூணு பக்கத்துக்கு என்னென்னமோ வந்துச்சு, அதுல நடுவுல அந்த கலப்பு சொல். ஒரு பைட்டை மாத்திட்டு மறுபடி ஓட்டினேன், `assertion.dataHash.mismatch`னு திட்டுச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. (கம்ப்யூட்டர் வேணாம்னா contentcredentials.org/verify பக்கத்துல படத்தைப் போட்டாலே போதும்.)

அப்புறம் அதே படத்தை என் நம்பர்ல இருந்து என் ஒய்ஃப் நம்பருக்கு வாட்ஸப்ல அனுப்பி, அங்க இருந்து எடுத்து ஓட்டினேன். `No claim found`. முடிஞ்சது கதை. வாட்ஸப் படத்தைச் சின்னதாக்கி திரும்ப ஜேபெக் பண்ணும்போது உள்ள இருக்கற எழுத்து எல்லாத்தையும் தூக்கிப் போட்டுருது. டாக்குமெண்ட்டா அனுப்பினா மட்டும் ஃபைல் அப்படியே போகுது, ஆனா நம்ம குடும்ப குரூப்ல யாரு டாக்குமெண்ட்டா அனுப்பறாங்க? ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அதே கதிதான், அது புதுப் படம், பொறந்த குழந்தை, அதுக்கு தாய்ப்பத்திரமே கெடையாது.

அதனால பதிவு இல்லைங்கறதை வெச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது. உங்களுக்கு வர்ற நூறு படத்துல தொண்ணூத்தி சொச்சத்துக்குப் பதிவு இருக்காது, அதுல நெஜமும் இருக்கும், புளுகும் இருக்கும். பதிவு *இருந்தா* மட்டும்தான் அது பேசும். அப்பவும் அது வந்த வழியைத்தான் பேசும். ஈசில வில்லங்கம் இல்லைன்னா நெலத்துல தண்ணி இருக்குனு அர்த்தமா என்ன? அப்பா கேட்ட கேள்வி இது, நான் கேட்டதில்ல.

இப்ப கேமரா பக்கம் வாங்க. எடிட் பண்றப்பதானே தகராறு, எடுக்கறப்பவே கேமரா கையெழுத்து போட்டுட்டா அசைக்க முடியாதுல்லனு தோணும். 2023 அக்டோபர்ல லைக்கா எம்11-பி அப்படி முதல்ல வந்துச்சு. விலையைக் கேக்காதீங்க. அப்புறம் 2025 ஆகஸ்ட் கடைசில நிக்கான் இசட்6-3 கேமராவுக்கு ஃபர்ம்வேர் 2.00ல இந்த வசதியைக் குடுத்தாங்க. இந்த நிக்கான் கதையைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா எங்க ஓட்டை விழும்னு இதுக்கு மேல தெளிவா காட்டற வேற சம்பவம் எனக்குத் தெரியாது.

அந்த கேமராவுல மல்டிபிள் எக்ஸ்போஷர்னு ஒரு மோட். ரெண்டு படத்தை ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தி ஒரே படமா தர்றது, நம்ம ஊரு ஆல்பத்துல தாமரைக்குள்ள பொண்ணு முகம் வருமே, அந்த வித்தையை கேமராவுக்குள்ளயே பண்றது. முதல் படத்தை இப்ப எடுக்கணும்னு கூட இல்ல, கார்டுல ஏற்கனவே இருக்கற ஒரு ரா ஃபைலை, அதாவது ஜேபெக் ஆக்கறதுக்கு முந்தின மூல ஃபைலைக் காட்டி, அது மேல புதுசா ஒண்ணை எடுத்துக்கலாம். ஃபர்ம்வேர் வந்து ஒரு வாரம் பத்து நாள்லயே ஒரு போட்டோகிராஃபர் இதைப் புடிச்சுட்டார். கையெழுத்து வசதி இல்லாத ஒரு கேமராவுல ஒரு படம் எடுக்கறது. கார்டைக் கழட்டி கையெழுத்து போடற கேமராவுல மாட்டறது. அந்தப் படத்தை அடிப்படமா வெச்சு, மேல ஒண்ணும் தெரியாத ஒரு கறுப்பு ஃபிரேமை எடுக்கறது. கறுப்பு மேல ஏறினா அடியில இருக்கறது அப்படியே தெரியும். கேமரா அந்தக் கூட்டுப் படத்தை நான் எடுத்ததுனு சொல்லி ஜம்முனு கையெழுத்து போட்டுக் குடுத்துருச்சு.

அதோட விடல அவர். கேமராவே பாக்காத ஒரு ஏஐ படத்தை, ஒரு பக் நாய் விமானம் ஓட்டற மாதிரி படம்னு ஞாபகம், நிக்கான் ரா ஃபைல் மாதிரியே பொதிஞ்சு கார்டுல வெச்சு அதே வித்தையைக் காட்டினார். அதுக்கும் கையெழுத்து. சரிபாக்கற பக்கத்துல போட்டா எல்லாம் பச்சை. செப்டம்பர்ல நிக்கான் அந்தச் சேவையை நிறுத்தி, குடுத்த சர்டிபிகேட் எல்லாத்தையும் ரத்து பண்ணிருச்சு.

இதுல யாரும் எந்த கணக்கையும் ஒடைக்கல, எந்த ரகசிய சாவியையும் திருடல. கையெழுத்து நூத்துக்கு நூறு அசல். கையெழுத்து போடற ஆளு, தன் கண்ணால பாக்காததுக்கு சாட்சிக் கையெழுத்து போட்டுட்டார், அதுதான் விஷயம். பத்திர ஆபீஸ் வாசல்ல உக்காந்திருப்பாங்களே, யாருன்னே தெரியாதவங்களுக்கு சாட்சிக் கையெழுத்து போடறவங்க, அந்த மாதிரி. சர்டிபிகேட்டை ரத்து பண்ணதுலயும் ஒரு சங்கடம்: அந்தச் சில நாள்ல அந்த கேமராவுல நேர்மையா எடுத்து கையெழுத்து வாங்கின படமும் சேந்து செல்லாமப் போகுது. பக் நாயும் நெஜமான படமும் ஒரே தராசுல.

இதை அடைச்சாலும் இன்னொரு சந்து இருக்கு. ஒரு நல்ல மானிட்டர்ல பொய்ப் படத்தைப் போட்டு அதை கையெழுத்து கேமராவால போட்டோ எடுத்தா? கேமரா பொய் சொல்லல, அதுக்கு முன்னாடி இருந்ததைத்தான் எடுத்துச்சு. சோனி இதுக்காக படத்தோட சேத்து தூரத் தகவலையும் பதிவு பண்ணுது, முன்னாடி இருந்தது தட்டையான திரையா, ஆழம் உள்ள காட்சியானு அப்புறம் சரிபாக்கறதுக்கு. நல்ல யோசனை. பத்திரிகை ஏஜென்சிக்கு அது போதும், எங்க மாதிரி ஆளுங்களுக்கு அதெல்லாம் எப்ப வந்து சேரும்னு தெரியல.

பதிவு இவ்வளவு லேசா உதிர்ந்து போகுதுன்னா, படத்துக்குள்ளயே, பிக்சல்லயே ஒளிச்சு வெச்சா என்ன? அதுதான் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க். ரூபா நோட்டுல காந்தி தெரிவாரே, அதை வெளிச்சத்துல புடிச்சா தெரியும், இது எதுல புடிச்சாலும் தெரியாது, புரோகிராமுக்கு மட்டும் தெரியும்.

நான் பிரிச்சுப் பாத்தது 2022 ஆகஸ்ட்ல ஸ்டேபிள் டிஃப்யூஷன்ங்கற படம் செய்யற ஏஐ வந்தப்ப அதோட கூடவே வந்த வாட்டர்மார்க். அதோட கோடு எல்லாருக்கும் தொறந்திருக்கறதால பாக்க முடிஞ்சுது. `StableDiffusionV1`ங்கற 17 எழுத்தை, எழுத்துக்கு 8 பிட்னு 136 பிட்டா மாத்தி படத்துக்குள்ள தூவுது. எப்படின்னா, படத்தோட வெளிச்சத்தைத் தொடாம நிறத் தகவல்ல கை வைக்குது, ஏன்னா நிறத்துல வர்ற சின்ன மாத்தத்தை நம்ம கண்ணு கண்டுக்காது. அதை நாலுக்கு நாலு சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் அலைக் கணக்குல வர்ற ஒரு எண்ணை லேசா மேலயோ கீழயோ தள்ளுது, மேலன்னா 1, கீழன்னா 0. கட்டம் நெறைய, பிட் கொஞ்சம், அதனால ஒரே பிட்டை பல இடத்துல திரும்பத் திரும்ப எழுதுது. படிக்கறப்ப எல்லா இடத்துலயும் ஓட்டு எண்ணி மெஜாரிட்டி பாத்துக்குது. ஒண்ணு ரெண்டு கட்டம் கெட்டாலும் பரவாயில்ல.

ஆனா கட்டம் எங்க ஆரம்பிக்குதுங்கறதே தப்பாப் போனா? படத்தோட ஓரத்துல மூணு பிக்சல் கிராப் பண்ணினாலே எல்லாக் கட்டமும் நகந்துரும், அளவை மாத்தினா இன்னும் மோசம். நான் ஒரு படத்தைப் பண்ணி கால்வாசி சின்னதாக்கி படிச்சேன், வந்தது வெறும் குப்பை எழுத்து. அதை விடக் கொடுமை, இதெல்லாம் ஒண்ணுமே செய்ய வேண்டாம், அந்த ஓப்பன் கோடுல இந்த ஒரு வரியை எடுத்துட்டா வாட்டர்மார்க்கே விழாது:

```
img = wm_encoder.encode(img, 'dwtDct')
```

அப்புறம் வந்ததெல்லாம் கெட்டிக்காரத்தனமானது. 2023 ஆகஸ்ட்ல கூகுள் டீப்மைண்ட் காட்டின சிந்த்ஐடில ரெண்டு நியூரல் நெட்வொர்க்கை ஜோடியாப் பழக்கறாங்க, ஒண்ணு ஒளிக்கும், ஒண்ணு தேடும், சின்ன வயசுல ஆடின ஐஸ் பாய் ஆட்டம்தான். இந்த மாதிரி பழக்கறப்ப நடுவுல படத்தை வெட்டி, அமுக்கி, கலரைக் கெடுத்து விடுவாங்க, அதையும் தாண்டி தேடறவன் கண்டுபுடிக்கற மாதிரி ஒளிக்கக் கத்துக்குது. வாட்ஸப் அமுக்கல், ஸ்கிரீன்ஷாட் மாதிரி விஷயத்துக்கு பழைய கட்ட முறையை விட இது எவ்வளவோ தேவலாம்.

இங்க ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாத்துரலாம், எனக்கு கணக்கு பெருசா வராது, கால்குலேட்டர் வெச்சுத்தான் போட்டேன். 48 பிட் வாட்டர்மார்க்னு வெச்சுக்குவோம், மெட்டா ஆளுங்க 2023ல வெளியிட்ட ஒண்ணு அந்த அளவுதான். வாட்டர்மார்க்கே இல்லாத ஒரு சாதாரணப் படத்தைக் குடுத்து படிக்கச் சொன்னாலும் தேடறவன் ஏதோ 48 பிட் சொல்லுவான், பூவா தலையா போட்ட மாதிரி. அதுல சராசரியா 24 பிட் தற்செயலா ஒத்துப் போகும். அதனால எத்தனை ஒத்துப் போனா "இருக்கு"னு சொல்லலாம்னு ஒரு கோடு போடணும். 41ம் அதுக்கு மேலயும்னு கோடு போட்டா, சும்மா இருக்கற ஒரு கோடிப் படத்துல சுமார் 3 படம் தப்பா மாட்டும். நல்லா இருக்கே! ஆனா நாலு கை மாறி அடிபட்டு வர்ற ஏஐ படத்துல 41 பிட் தேறாமப் போகலாம். சரி, 36க்கு எறக்குவோம்னா, அதே ஒரு கோடில தப்பா மாட்டறது 3,600 பக்கம் போயிரும். தினம் பத்துக் கோடிப் படம் வர்ற ஒரு தளம்னு வெச்சுக்குங்க, முதல் கோட்டுல ஒரு நாளைக்கு 30 பேர், ரெண்டாவது கோட்டுல 36,000 பேர், ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒரு பெரியப்பா. அந்தக் கோட்டை எங்க போடறதுங்கறதை நெட்வொர்க் சொல்லாது, கம்பெனில யாரோ ஒரு மனுஷன்தான் உக்காந்து முடிவு பண்றார்.

இதுக்கும் பெரிய ஓட்டைங்க ரெண்டு இருக்கு. ஒரு கம்பெனி ஒளிச்சதை அதே கம்பெனியோட தேடறவன்தான் கண்டுபுடிப்பான். சிந்த்ஐடி இல்லைன்னா கூகுள் செய்யலைங்கற அளவுக்குத்தான் சொல்லலாம், அதுவும் அழுத்திச் சொல்ல முடியாது. ரெண்டாவது, அழிக்கவும் முடியும், ஒட்டவும் முடியும்னு ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்காங்க. படத்து மேல கொஞ்சம் இரைச்சலைத் தூவி, இன்னொரு ஏஐ மாடலை விட்டு அந்த இரைச்சலைத் துடைக்கச் சொன்னா, இரைச்சலோட வாட்டர்மார்க்கும் துடைஞ்சு போயிருது. எனக்கு பயம் அதுல இல்ல, ஒட்டறதுலதான். நெஜமா நடந்த ஒரு அடிதடிப் படத்து மேல ஏஐ வாட்டர்மார்க்கை ஒட்டி விட்டுட்டா, பாருங்க இது ஏஐ, நான் அடிக்கவே இல்லனு சொல்லிட்டுப் போயிருவான்.

எங்க வீட்டுலயே ஒண்ணு நடந்துச்சு. தாத்தாவோட ஒரே ஒரு போட்டோ, 1960கள்ல ஈரோட்டுல ஏதோ ஒரு ஸ்டுடியோவுல எடுத்தது, பூசணம் புடிச்சு கன்னம் பக்கம் வெளுத்துப் போச்சு. என் சித்தப்பா பையன் அதை ஜெமினில குடுத்து சுத்தம் பண்ணி, ஃபிரேம் போட்டு தாத்தா திதிக்குக் கொண்டு வந்துட்டான். அத்தை பாத்து அழுதுட்டாங்க. எனக்கு வேற புத்தி, அந்த ஃபைலை வாங்கி செக் பண்ணேன். சிந்த்ஐடி இருக்கு. இருக்கத்தான் செய்யும், ஜெமினி வழியா போற படம் எல்லாத்துக்கும் விழும். பூசணத்தை மட்டும் எடுத்துச்சா, கன்னத்தையும் தானா வரைஞ்சுச்சாங்கறதை வாட்டர்மார்க் சொல்லாது. மூலப் படத்தைப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். மூலத்துல எடது கண்ணு கொஞ்சம் சின்னது, எங்க அப்பாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். புதுசுல ரெண்டு கண்ணும் ஒரே அளவு. அத்தைகிட்ட சொல்லல.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 2025 பிப்ரவரில கூகுள் போட்டோஸ்ல ஏஐ எடிட்டுக்கும் சிந்த்ஐடி சேத்தப்ப அவங்களே ஒரு குறிப்பு போட்டிருந்தாங்க, மாத்தம் ரொம்பச் சின்னதா இருந்தா, பின்னாடி இருக்கற ஒரு சின்னப் பூவோட கலரை மாத்தற மாதிரி, வாட்டர்மார்க் விழாமப் போகலாம்னு. நேர்மையா சொன்னதுக்கு மரியாதை. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு படத்தைப் பொய்யாக்கறதுக்கு எவ்வளவு இடம் வேணும்? செக்குல ஒரு பூஜ்யம், வண்டி நம்பர்ல ஒரு எழுத்து, கழுத்துல தாலி இருக்கா இல்லையா. எல்லாம் பூ அளவுதான்.

நம்ம ஊரு சட்டமும் இதே இடத்துலதான் தடுமாறிச்சு. 2025 அக்டோபர்ல மத்திய அரசு விட்ட வரைவு விதில, ஏஐ படத்துல பத்துல ஒரு பங்கு இடத்தை லேபிள் அடைக்கணும்னு இருந்துச்சு. என் தென்னந்தோப்புல பத்துல ஒரு பங்குன்னா மாப்பிள்ளையோட பாதி. நல்ல வேளை, 2026 பிப்ரவரில வந்த இறுதி விதில அந்த 10 சதவீதம் இல்ல, லேபிள் இருக்கணும், ஃபைலுக்குள்ளயும் அடையாளம் இருக்கணும், கலர் சரிபண்றது மாதிரி வழக்கமான எடிட்டிங்குக்கு விலக்குனு இருக்கு. ஏஐ வெச்சு ஒயர் அழிக்கறது வழக்கமான எடிட்டிங்கா? ரெண்டு வக்கீல் நண்பர்களைக் கேட்டேன், ரெண்டு பதில்.

இப்ப பெரியப்பா கதைக்கு வர்றேன். ஆல்பம் குடுக்கப் போனப்ப லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போனேன். அவர் ஹால்லயே உக்காந்திருந்தார், மொறைப்பாத்தான். ரா ஃபைலைத் தொறந்து ஒரு பக்கம், குடுத்த படத்தை இன்னொரு பக்கம் வெச்சு, ரெண்டுக்கும் எங்கெங்க வித்தியாசமோ அங்க மட்டும் வெள்ளையா தெரியற மாதிரி டிஃபரன்ஸ் லேயர் போட்டேன் (ரெண்டுக்கும் ஒரே கலர் செட்டிங் குடுத்துட்டு, இல்லைன்னா மொத்தப் படமும் வெளுக்கும்). கறுப்புத் திரைல, மேல குறுக்கால, மெல்லிசா ஒரே ஒரு வெள்ளைக் கோடு. பொண்ணு முகம் இருக்கற எடத்துல கும்மிருட்டு.

அவர் கிட்ட வந்து கண்ணாடியைத் தூக்கிப் பாத்தார். கோட்டுல விரலை வெச்சு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்தார். "ஒயருதானுங்களா?" ஒயர்தானுங்க ஐயா. அப்புறம் கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஒயருக்குக் கீழ தனியா ஒரு சின்ன வெள்ளைத் திட்டைக் காட்டி இது என்னனு கேட்டார். நான் அதை அதுவரைக்கும் கவனிக்கவே இல்ல. பெருசு பண்ணிப் பாத்தேன். மூலப் படத்துல அந்த எடத்துல தென்னை மரத்துல ஒரு குருவிக்கூடு தொங்கிட்டிருந்துச்சு. நான் கோடு போடறப்ப அதோட ஓரத்தையும் சேத்து வளைச்சிருக்கேன் போல, ஏஐ அதை ஒயர்ல மாட்டின குப்பைனு நெனச்சு ஓலையாக்கிருச்சு.

"அந்தக் கூடு வேணுமுங்க"ன்னார். வீட்டுக்கு வந்து ராத்திரி உக்காந்து ஹீலிங் பிரஷ்லயே முதல்ல இருந்து செஞ்சு அனுப்பினேன்.